ரீவியைக் கொம்பியூட்டருக்குக் கொழுவினால் எழுத்து ஏன் மங்குகிறது? கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து, விருந்தினர் விடுதியில் கணக்குப் பார்க்கிற அக்கா: 43 அங்குல 4கே ரீவியை லப்டொப்பில் கொழுவியிருக்கிறன். கறுப்பு எழுத்து தெளிவு. எக்செலில் சிவப்பு இலக்கம் மட்டும் ஈரத்தாளில் மை ஊறின மாதிரி.

அக்கா, ரெசலூசன் சரி. நிறம்தான் குறைந்து வருகிறது. 4:2:0 என்ற முறையில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக வரும். நிறம் நாலு புள்ளிக்கு ஒன்றுதான். படம் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு புள்ளி அகலமான சிவப்புக் கோட்டில் உடனே தெரியும்.

வின்டோஸ் 11 இல் `Settings > System > Display > Advanced display` போய் `Color format` என்ன சொல்கிறது என்று பாருங்கள். `YCbCr420` என்றால், ரீவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் `Input Signal Plus`, எல்ஜியில் `HDMI Ultra HD Deep Color`. பிறகு `RGB` வருகிறதா பாருங்கள்.

அதே அக்கா, பின்னேரம்: இப்ப RGB எண்டுதான் காட்டுது. சிவப்பு இன்னும் ஊறுது.

இதில்தான் அநேகம் பேர் நிற்பார்கள். கொம்பியூட்டர் முழு நிறத்தையும் அனுப்பினாலும் ரீவி தன் உள்ளே அதைக் குறைத்துவிடும். இன்புட் பட்டியலில் அந்தத் துளையின் பெயரை `PC` என்று மாற்றுங்கள். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ரீவி படவேலைகளை நிறுத்தும்.

அதே அக்கா: மாத்தின கையோட தெளிஞ்சிட்டுது தம்பி!

கிண்ணியாவிலிருந்து: இவ்வளவு கஷ்டம் ஏன்? சாப்னஸை நூறுக்கு ஏத்தினா சரி.

ஏற்றாதீர்கள். அது விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும், அவ்வளவுதான்; போன நிறம் திரும்பி வராது. சில கம்பனிகளில் 0 தான் இயல்பு, சிலவற்றில் நடு. வெள்ளைக் கோடு மறையும்வரை குறையுங்கள்.

நிலாவெளியிலிருந்து: 32 அங்குலம், 1080 எண்டு காட்டுது, எல்லாமே மங்கல்.

அந்த அளவில் பல ரீவிகளின் பலகை 1366×768 தான். 1080 ஐ வாங்கிச் சுருக்கிக் காட்டும். பட்டியலில் 1366×768 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; 1360 இருந்தாலும் பரவாயில்லை. சாப்னஸை ஏற்ற வேண்டாம்.

மூதூரிலிருந்து: கேபிள்தான் காரணம். நான் தங்கமுலாம் போட்டது வாங்கினன், சிவப்பு தெளிஞ்சிது.

கேபிள் தாங்காவிட்டால் திரை கறுத்துக் கறுத்து வரும், இல்லாவிட்டால் வெள்ளைப் பொறி மின்னும். சிவப்பை மட்டும் ஊறவைக்காது. கேபிளை மாற்றும்போது துளையும் மாறியதா?

மூதூர்: இரண்டாவது துளையில போட்டன். ஆனா கேபிள்தான்.

பழைய கேபிளை அதே இரண்டாவது துளையில் போட்டுப் பாருங்கள்.

மூதூர்: அதைத் தூக்கி எறிஞ்சிட்டன்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து: பழைய லப்டொப், 4கே, சிவப்பு மங்கல்.

உப்புவெளி அக்காவுக்குச் சொன்னதைப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் உங்கள் லப்டொப்பின் துளை எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம். அதில் முழு நிறத்தோடு 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் இழுபடும்.

மூதூர்: அப்ப அவருக்கும் கேபிளை மாத்தச் சொல்லுங்கோ.