கரியிலிருந்து சக்கரம் வரை: மாமாவின் கணக்கு எங்கே பிசகுகிறது?

"ஐயா, சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறேன். பழைய மைவியைக் கொடுத்துவிட்டு மின்சாரக் காடி வாங்கலாம் என்றால் மாமா சிரிக்கிறார். 'அதுவும் மஞ்சோங்கில் கரி எரிச்சுத்தானே ஓடுது, சுத்தி வளைச்சு பெட்ரோலைவிட அதிகமா வீணாகும்' என்கிறார். சரியா?"

கரி எரிவது சரி, அதிகம் வீணாகும் என்பது தப்பு தம்பி. நானும் கரி மின்நிலையத்தில் கொதிகலன் பக்கம் நின்று வெந்தவன்தான், அதனால் மாமாவின் கோபம் புரிகிறது. அங்கே கரியின் சூட்டில் பாதிக்கு மேல் மின்சாரமாவதே இல்லை. சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர வைக்கும்போது அந்தச் சூடு கடலோடு போய்விடுகிறது. நல்ல நிலையம் என்றாலும் நூற்றுக்கு 40தான் தேறும். நாம் 38 என்றே வைப்போம். நம் நாட்டில் எரிவாயு நிலையமும் அணைக்கட்டும் இருக்கின்றன. மாமாவுக்காக அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனி 100 கிலோமீட்டர் ஓட்டம். கரண்டு பில்லில் வரும் யூனிட்டிலேயே எண்ணுவோம். சின்ன மின்சாரக் காடி பேட்டரியிலிருந்து 15 யூனிட் எடுக்கும். அதை நிரப்பச் சுவரிலிருந்து 17 வேண்டும். கம்பி வழியில் சேதாரம் போக, நிலையம் 18க்குச் சற்று மேல் அனுப்ப வேண்டும். அதற்கு 48 யூனிட் சூடு, ஏறக்குறைய 8 கிலோ இந்தோனேசியக் கரி. தோண்டிக் கப்பலில் ஏற்றி வரும் செலவோடு 50 என்று வையுங்கள்.

மைவி அதே தூரத்துக்கு ஆறரை லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 9 யூனிட் சூடு, ஆக 58. எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவர இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேரும். மொத்தம் 70. இரண்டு காடிக்கும் சக்கரத்தில் வேண்டியது 12 யூனிட் சொச்சம்தான். கரி வழியில் நாலில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வருகிறது, பெட்ரோல் வழியில் ஆறில் ஒரு பங்கு. மாமா மின்நிலையத்தின் நஷ்டத்தை எண்ணினார், மைவியின் பானெட்டுக்கு அடியில் கொதிப்பதை எண்ணவில்லை.

புகை வேறு விஷயம். அதே சூட்டுக்குக் கரி பெட்ரோலைவிட அதிக கரியமில வாயு விடும். முழுக்கக் கரி என்றால் புகையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மாமா தோற்கக் கூடாது என்றால் அவருக்கு ஒரு ஆயுதம் இருக்கிறது: ஹைப்ரிட். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். சிக்னலில் இஞ்சினை அணைத்து, பிரேக் பிடிக்கும்போது வீணாவதைப் பேட்டரியில் பிடித்துவைக்கும் ஹைப்ரிட், நிதானமாக ஓட்டினால் நாலரை லிட்டரில் 100 கிலோமீட்டர் போகும். கணக்குப் போடுங்கள்: 40, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு, 48 சொச்சம். கரி வழி மின்சாரக் காடியோடு தோளோடு தோள்! ஆனால் இது ஊருக்குள் நின்று நின்று போகிறவருக்கு. நெடுஞ்சாலையில் 110இல் விரட்டினால் பிரேக்கே பிடிப்பதில்லை, பிடித்துவைக்கவும் ஒன்றுமில்லை. மின்சாரக் காடியும் அந்த வேகத்தில் 15க்குப் பதில் 18, 19 தின்னும். நீங்கள் நெடுஞ்சாலையிலா, பழைய சாலையிலா போகிறீர்கள் என்று எழுதவில்லையே.

விற்பவர் '90 சதவீதத் திறன்' என்பார். அது பேட்டரிக்குப் பிறகு வரும் மோட்டாரின் கணக்கு. சங்கிலியின் வாலை மட்டும் காட்டுகிறார். கேட்டலாக்கில் இருக்கும் தூரம் பெரும்பாலும் என்இடிசி சோதனையில் வந்தது. 2017லேயே ஐரோப்பா கைகழுவத் தொடங்கிய சோதனை அது. இங்கே இன்னும் அதையே அச்சடிக்கிறார்கள், கேட்பாரும் இல்லை.

அதைவிட மோசம் சார்ஜர் தரகர்கள். என் சம்பந்தி வீட்டுக்கு ஒருவர் வந்து, மூன்று ஃபேஸ் இழுத்து 22 கிலோவாட் பெட்டி மாட்டினால் கரண்டு பாதி மிச்சம் என்று பல ஆயிரம் ரிங்கிட் வாங்கிப் போனார். அந்தக் காடிக்குள் இருக்கும் மாற்றி 7க்கு மேல் ஏற்காது. பெட்டி சும்மா தொங்குகிறது. அதற்காகச் சாதாரண பிளக்கில் இரவெல்லாம் போடவும் வேண்டாம். சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காடியின் கம்ப்யூட்டரும் பம்பும் விழித்திருக்கும். மெதுவாக ஏற ஏற அவை தின்பதும் கூடும், ஆறில் ஒரு பங்குகூடப் போகலாம். 7 கிலோவாட் பெட்டி போதும். பதிவு பெற்ற வயர்மேனை வைத்து, தாமான் வீட்டின் பழைய வயரிங்கைப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு மாதம், சார்ஜர் பெட்டி காட்டும் யூனிட்டையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். காடித் திரை காட்டுவது பேட்டரிக்குப் பிறகான கணக்கு, அதை நம்ப வேண்டாம். 100 கிலோமீட்டருக்குப் பெட்டியில் 17 வந்தால் என் கணக்கு நிற்கும். 24ஐத் தாண்டினால் மாமா சொன்னதே சரி.