பன்னிரண்டு இடம், பதினான்கு பணம்: கோவில் தளத்தில் முன்பதிவும் ரசீதும்

"எங்கள் அறக்கட்டளை நடத்தும் சிவன் கோவிலுக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. பிரதோஷ அபிஷேகத்துக்கு 12 உபயதாரர்களைத்தான் சேர்க்க முடியும். போன முறை 14 பேர் பணம் கட்டிவிட்டார்கள். தானாகப் போகும் ரசீதைப் பார்த்து ஆடிட்டரும் கோபப்படுகிறார். தளத்தைப் புதிதாகச் செய்யப் போகிறோம். செய்பவரிடம் என்ன சொல்லிச் செய்ய வைப்பது?" – ஓர் அறங்காவலர்

உங்கள் டெவலப்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மீதி இடம் எந்த நொடியில் குறைகிறது?" பணம் வந்த பிறகு என்று அவர் சொன்னால் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஓர் இடம்தான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு மூன்று பேர் பக்கத்தைத் திறக்கிறார்கள். மூவருக்கும் "1 இடம் உள்ளது" என்றே தெரியும். பெயரும் நட்சத்திரமும் நிரப்ப ஆளுக்கு இரண்டு நிமிடம், யுபிஐ செயலிக்குப் போய்ப் பின் எண் போட ஒரு நிமிடம். மூவரும் பணம் கட்டி முடித்த பிறகுதான் தளம் எண்ணிப் பார்க்கிறது. 11 பேர் ஏற்கெனவே இருக்க, மூவர் சேர்ந்து 14. உங்களுக்கு நடந்தது ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் வரிசையை மாற்ற வேண்டும். பக்தர் "பணம் செலுத்து" என்று தொடும்போதே இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, அப்புறம் பணம் கேட்க வேண்டும். பிடிப்பதையும் முதலில் எண்ணி, பிறகு குறைத்து என்று இரண்டு படியாகச் செய்யக் கூடாது. நடுவில் இன்னொருவர் புகுந்துவிடுவார். ஒரே கட்டளையில் முடிய வேண்டும்:

```sql
UPDATE slots
SET seats_left = seats_left - 1
WHERE id = 41 AND seats_left > 0;
```

ஒரு வரி மாறியது என்று தரவுத்தளம் சொன்னால் இடம் கிடைத்துவிட்டது. பூஜ்யம் என்றால் இடம் இல்லை, பணப் பக்கத்துக்கே அனுப்ப வேண்டாம். ஒரே நொடியில் மூன்று பேர் தொட்டாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

பிடித்து வைத்த இடத்துக்குக் காலக்கெடு தேவை. நான் 10 நிமிடம் வைப்பேன். அதற்குள் பணம் வரவில்லை என்றால் இடம் பொதுவுக்குத் திரும்பிவிடும். இங்கேதான் அடுத்த வில்லங்கம். 9:02க்கு இடம் பிடித்த பக்தருக்கு ஒரு போன் வருகிறது, பேசிவிட்டு 9:14க்குத்தான் பின் எண் போடுகிறார். 9:12க்கே அந்த இடம் திறந்து, 9:13க்கு வேறொருவர் எடுத்துவிட்டார். இப்போது பணம் இருக்கிறது, இடம் இல்லை. இது எப்போதோ நடக்கும் விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வங்கி சர்வர் மந்தமாக இருக்கும் நாட்களில் பணம் போன தகவலே தாமதமாகத்தான் வரும். பணம் பிந்தி வந்தால் முதலில் மறுபடி ஓர் இடம் பிடிக்க முயல வேண்டும், கிடைக்காவிட்டால் முழுத்தொகையையும் தானாகத் திருப்பிவிட்டு, அடுத்த பிரதோஷத் தேதியோடு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். "அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்" என்று மட்டும் காட்டுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த அழைப்புகள் கடைசியில் உங்கள் போனுக்குத்தான் வரும்.

பணம் வந்ததா என்பதைப் பக்தரின் திரையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பணம் போனவுடன் பக்தர் யுபிஐ செயலியை மூடிவிட்டால் அவர் உங்கள் "நன்றி" பக்கத்துக்குத் திரும்பவே மாட்டார். அந்தப் பக்கம் திறந்தால்தான் பதிவு உறுதியாகும் என்று எழுதியிருந்தால், பணம் கட்டியவர் பெயர் பட்டியலிலேயே இருக்காது. பணப்பரிமாற்ற நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் செய்திதான் நம்பத் தக்கது. வெப்ஹூக் என்பார்கள். அதன் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறை வருவதும் சகஜம். அதைத் தடுக்காவிட்டால் ஒரே ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு ரசீது கிளம்பும். பணப்பரிமாற்ற எண் ஒரு முறைக்கு மேல் பதிவாகாதபடி தரவுத்தளத்திலேயே பூட்டு போட்டால் போதும்:

```sql
ALTER TABLE payments
ADD UNIQUE (gateway_payment_id);
```

கோவில் கவுண்டரிலும் சீட்டுக் கொடுப்பீர்கள் என்றால், அங்கே இருப்பவரும் இதே தளத்தில்தான் பதிய வேண்டும். நெட் சரியாக வராத ஊர் என்றால் அந்த ஆசையை விட்டுவிட்டு இணையத்துக்கு 8, கவுண்டருக்கு 4 என்று பிரித்துவிடுங்கள். அழகான வழி இல்லைதான், ஆனால் சண்டை வராது.

தேதிகளைத் தளமே கணக்கிடட்டும் என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி நேரங்கள் வேறுபடும். சில மாதங்களில் நாளே மாறிப்போகும். குருக்கள் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறாரோ அதை வைத்து ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து கையால் ஏற்றிவிடுங்கள். பிரதோஷம் ஆண்டுக்குச் சுமார் 24 தான், அரை மணி வேலை. கூடவே ஒரு நாளை முழுவதுமாக நிறுத்தும் பொத்தான் ஒன்று கட்டாயம் வேண்டும். கிரகணம் முன்பே தெரியும், ஊரில் துக்கம் விழுந்து நடை சாத்துவது தெரியாது. அந்தப் பொத்தானை அழுத்தினால் அன்று பதிந்த எல்லோருக்கும் செய்தி போய், வேறு நாளா பணமா என்று அவர்களே தேர்ந்தெடுக்கும்படி இருக்க வேண்டும்.

இனி ஆடிட்டரின் கோபம். உங்கள் ரசீதை நான் பார்க்கவில்லை. ஆனால் அபிஷேகக் கட்டணத்துக்கும் திருப்பணி நன்கொடைக்கும் ஒரே ரசீது போகிறது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அபிஷேகத்துக்குக் கட்டும் பணம் ஒரு சேவைக்கான கட்டணம். நன்கொடைக்குப் பதிலாக எதுவும் தரப்படுவதில்லை. அதனால் இரண்டுக்கும் தனித்தனி வரிசை எண் வையுங்கள்: சேவைக்கு சே/2025-26/0001, நன்கொடைக்கு ந/2025-26/0001. பணம் உறுதியான பிறகே எண் பிறக்க வேண்டும். முன்பே கொடுத்தால் பாதியில் விட்டுப்போனவர்களால் நடுவில் எண்கள் விடுபட்டு, தணிக்கையில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தவறான ரசீதை அழிக்க வழியே இருக்கக் கூடாது. "ரத்து" என்று குறித்து அப்படியே வைக்க வேண்டும்.

ரசீதில் கொடையாளருக்கு வருமான வரி விலக்கு உண்டு என்னும் 80ஜி வாசகத்தை அச்சடிக்கும் முன் உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். கோவில் காரியம் மட்டுமே செய்யும் அறக்கட்டளைக்கு அந்த வரிச்சலுகை பொதுவாகக் கிடையாது. மத்திய அரசு அறிவிக்கை செய்த கோவில்களின் புனரமைப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் கொடுப்பவை மட்டும் விதிவிலக்கு. தகுதி இருந்தால் அந்த நன்கொடைப் படிவத்தில் மட்டும் பான் எண்ணையும் முகவரியையும் கேளுங்கள், அர்ச்சனைக்கு வருபவரிடம் பான் கேட்டு விரட்டாதீர்கள். கவுண்டரில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது என்பதால் அந்த ரசீதில் 80ஜி வாசகம் வரக் கூடாது. அனுமதி பெற்ற அறக்கட்டளைகள் நிதியாண்டு முடிந்து மே 31க்குள் படிவம் 10பிடி தாக்கல் செய்து, அதிலிருந்து வரும் 10பிஇ சான்றிதழைக் கொடையாளருக்குத் தர வேண்டும். விலக்குக் கோர அவருக்குத் தேவை அந்தச் சான்றிதழ்தான். உங்கள் ரசீதை மட்டும் வைத்துக் கேட்க முடியாது என்று மின்னஞ்சலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். இந்தப் பிரிவு எண், படிவ எண் எதையும் நிரலுக்குள் எழுத விடாதீர்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், மேலே சொன்ன பழைய சட்டத்தின் எண்கள் மாறுகின்றன. ஆடிட்டர் சொன்னதும் அலுவலகமே மாற்றிக்கொள்ளும் இடத்தில் அவை இருக்கட்டும்.

மூன்று சில்லறைத் தவறுகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது தேதி. சர்வர் கடிகாரம் பெரும்பாலும் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய யுடிசியில் ஓடும். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு ஒருவர் நன்கொடை கொடுத்தால் சர்வருக்கு அது மார்ச் 31 இரவு 8:30. ரசீது பழைய நிதியாண்டில் போய் உட்கார்ந்துவிடும். நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை இப்படித்தான். அதனால் ரசீதுத் தேதி இந்திய நேரத்தில் போட வேண்டும், பணம் உங்கள் வங்கிக்கு வந்த நாளை வைத்தும் போடக் கூடாது. இரண்டாவது தொகை. சில பணப்பரிமாற்ற நிறுவனங்கள் தொகையைப் பைசாவில் கேட்கும்; அங்கே 501 ரூபாய்க்கு 50100 என்று போக வேண்டும். ரசீதில் நூறால் வகுக்க மறந்தால் அறக்கட்டளைக்கு அரை லட்சம் வந்ததாகக் காட்டும். மூன்றாவது கழிவு. பக்தர் 1,000 கொடுத்து, பணப்பரிமாற்ற நிறுவனத்தின் கட்டணம் போக வங்கிக்கு 980 வந்தாலும் ரசீது 1,000க்குத்தான். மீதி 20 உங்கள் செலவுக் கணக்கு.

வெளிநாட்டு அட்டைகளை, வெளிநாட்டு நன்கொடை வாங்கச் சட்டப்படி தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாவிட்டால் ஆரம்பத்திலேயே அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் நம்மூர்க்காரராகவே இருந்தாலும் அவர் பணம் அந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பணம்தான்.

கடைசியாகப் படிவம். நட்சத்திரத்தைத் தட்டச்சு செய்ய விடாமல் 27ஐயும் பட்டியலாகக் கொடுங்கள். ராசியைப் பெரும்பாலும் தளமே போட்டுக்கொள்ளலாம். கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய ஒன்பதும் இரண்டு ராசிகளில் விழும் என்பதால் இவற்றுக்கு மட்டும் கேளுங்கள். கோத்திரம் தெரியாதவர் நிறைய இருப்பார்கள், அதைக் கட்டாயமாக்கினால் பாதியிலேயே போய்விடுவார்கள். காலியாக விட்டால் சிவ கோத்திரம் என்று வரட்டும், குருக்களும் அப்படித்தான் சொல்வார்.

பிரதோஷத்தன்று மதியம் 2 மணிக்குத் தளம் தானாக ஒரு பக்கம் தயாரிக்கட்டும்: பெயர், கோத்திரம், நட்சத்திரம், ராசி, பெரிய எழுத்தில், 12 வரி. குருக்கள் சங்கல்பத்துக்குக் கையில் வைத்துக்கொள்வது அந்தத் தாளைத்தான், அதனால் விபூதியும் ஈரமும் பட்டாலும் அழியாத அச்சில் எடுங்கள்.