ஷூவின் நிழலும் பட்டுப்புடவைக் கரையும்: இணையப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

ஆம்பூர், ஷூ கடை வைத்திருப்பவர்: சார், பின்னணி வெட்டிய ஷூ படங்களை எல்லாம் பிஎன்ஜியில் போட்டிருக்கிறேன். படம் அழகாக இருக்கிறது, ஆனால் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஜேபிஜி போட்டால் ஷூவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வருகிறது. என்ன செய்வது?

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். உங்கள் பக்கத்தின் பின்னணி எப்போதும் வெள்ளைதான் என்றால் ஒளிபுகும் பின்னணியே தேவையில்லை. வெள்ளைத் தளத்தில் ஷூவை வைத்து ஜேபிஜியாகச் சேமித்தால் போதும். ஆனால் தீபாவளிக்கு ஒரு நிறம், பொங்கலுக்கு ஒரு நிறம் என்று பின்னணியை மாற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒளிபுகுதல் வேண்டும். ஜேபிஜியில் அதற்கு இடமே கிடையாது.

பிஎன்ஜி ஏன் கனக்கிறது என்றால், அது ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் வைத்துக்கொள்ளும். பக்கத்துப் புள்ளியை வைத்து அடுத்த புள்ளியை ஊகித்து, வித்தியாசத்தை மட்டும் எழுதுவதுதான் அதன் வழி. ஒரே நிறமாக இருக்கும் இடத்தில் ஊகம் பலிக்கும், கோப்பு சுருங்கும். தோலின் மேல்பரப்பில் இருக்கும் நுண்சுருக்கமும் மினுக்கும் ஊகத்துக்கு அடங்காது. நீங்கள் அனுப்பிய பழுப்பு ஷூ 1200க்கு 1200 புள்ளி, கோப்பு ஏறக்குறைய 2 எம்பி. பக்கத்துக்கு 40 ஷூ என்றால் 80 எம்பி, எந்த போனும் திணறும்.

உங்களுக்கு ஏற்றது வெப்பி என்ற கோப்பு வடிவம். அதில் படத்தின் நிறத்தை ஜேபிஜி போல விட்டுக்கொடுத்துச் சுருக்கலாம், ஒளிபுகும் அடுக்கைத் தனியாகச் சேதமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஷூவுக்குக் கீழே மெல்லக் கரையும் நிழல் இருக்கிறதே, அது பிழைப்பது இந்த அடுக்கால்தான். அளவையும் குறையுங்கள். போன் திரைக்கு 800 புள்ளி அகலம் தாராளம். கணினியின் கட்டளைத் திரையில் cwebp கருவியை இப்படி ஓட்டுங்கள், 80 என்பது தர எண்:

```
cwebp -q 80 -resize 800 0 shoe.png -o shoe.webp
```

உங்கள் படம் இதில் 100 கேபிக்கும் கீழே வந்தது. முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள்: பக்கத்தின் பின்னணியைக் கொஞ்ச நேரம் கறுப்பாக்கிப் பாருங்கள். ஷூ ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் தவறு கோப்பு வடிவத்தில் இல்லை, வெட்டியவர் பழைய வெள்ளைப் பின்னணியை ஓரத்தில் விட்டுவிட்டார். திருப்பி அனுப்பி ஒரு புள்ளி உள்தள்ளி வெட்டச் சொல்லுங்கள்.

மூலப் பிஎன்ஜியை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாகுமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது ஜேபிஜி ஆகிவிடும், ஒளிபுகுதல் போய்விடும்.

காட்பாடி, டிசைனர்: அண்ணா, வெப்பி எதற்கு? அதே பிஎன்ஜியை 256 நிறமாகக் குறைத்தால் முக்கால்வாசி எடை போய்விடுமே. நிழலும் அப்படியே இருக்கும்.

பாதி சரி, தம்பி. ஜிஃப் மாதிரி இல்லாமல், 256 நிறப் பிஎன்ஜி அரைகுறை ஒளிபுகுதலையும் தாங்கும். லோகோ, பட்டன், கோட்டுப்படம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். பாலிஷ் போட்ட தோலில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் இடத்தைப் பெரிதாக்கிப் பார். படிப்படியாக வரி விழும். வரியை மறைக்கப் புள்ளி தூவச் சொன்னால் தோல் சொரசொரப்பாகத் தெரியும். வாங்குபவர் அதைத் தோலின் குறை என்று நினைப்பார்.

காட்பாடி, டிசைனர்: எங்கள் ரப்பர் செருப்புப் படங்களில் ஒரு வரியும் விழவில்லையே அண்ணா.

ரப்பர் செருப்பில் இரண்டே நிறம், மினுக்கும் கிடையாது. அங்கே அது பொருந்தும். ஆம்பூர் ஷூவுக்குப் பொருந்தாது.

ராணிப்பேட்டை: ஜேபிஜியைப் பிஎன்ஜியாக மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. போன விவரம் போனதுதான். எடை மட்டும் கூடும்.

ஆரணி, பட்டுப்புடவை விற்பவர்: மேலே சொன்னபடி வெப்பியில் போட்டேன் சார். மயில் பச்சை உடல், அரக்குக் கரை. கரையும் உடலும் சேரும் இடம் கலங்கியது போல இருக்கிறது. தர எண் 80ஐ 95 ஆக்கியும் அப்படியே. என் கேமரா சரியில்லையா?

கேமராவில் குறை இல்லை. எண்ணை ஏற்றியும் சரியாகவில்லை என்று கவனித்தீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

விட்டுக்கொடுத்துச் சுருக்கும் வெப்பி, வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதும். நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகத்தான் எழுதும். தர எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் இது மாறாது. பொதுவாக நம் கண்ணுக்கு அது தெரியாது, ஏனென்றால் ஓரங்களை வெளிச்ச வித்தியாசத்தில்தான் பிடிக்கிறோம். அரக்கும் மயில் பச்சையும் நிறத்தில் எதிரெதிர், வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்று. அந்த ஓரத்தைக் காட்டுவது நிறம் மட்டும்தான், அதைத்தான் வெப்பி கால்வாசியாக்குகிறது. மெல்லிய ஜரிகைக் கோட்டுக்கும் இதே கதி.

புடவைக்கு ஒளிபுகுதல் தேவையில்லை, அதனால் ஜேபிஜிக்கே போங்கள், இமேஜ்மேஜிக் கருவியில், நிறத்தைக் குறைக்காமல்:

```
magick saree.png -sampling-factor 4:4:4 -quality 82 saree.jpg
```

கோப்பு கொஞ்சம் பெருக்கும். கரை தெளிவாக வரும். இரண்டையும் 200 சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காட்பாடி, டிசைனர்: வெப்பியிலேயே `-sharp_yuv` போட்டால் சரியாகிவிடும் அண்ணா. ஜேபிஜி 1992ல் வந்தது, அதற்கு ஏன் திரும்பிப் போக வேண்டும்?

அந்த விருப்பம் உதவும், மறுக்கவில்லை. நிறத்தைக் குறைக்கும்போது ஓரத்தின் வெளிச்சம் கெடாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் நான்குக்கு ஒன்று என்பது அப்படியேதான் இருக்கும். புடவையில் கரைதான் விலையை நிர்ணயிக்கிறது, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வயதைப் பார்த்துக் கோப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஆரணி, பட்டுப்புடவை விற்பவர்: மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஜேபிஜியில் கரை நன்றாக இருக்கிறது. தம்பி சொன்னபடி செய்த படத்துக்கும் அதற்கும் போனில் பார்க்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, என் மனைவிக்குத் தெரிகிறது.

உங்கள் மனைவி பார்ப்பது போலத்தான் வாங்க வருபவர்களும் பார்ப்பார்கள் என்பது என் கருத்து. தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

வேலூர், மாணவி: ஆவிஃப் என்ற புது வடிவம் இந்த இரண்டுக்கும் பொருந்தாதா சார்?

பொருந்தும் அம்மா. முழு நிறமும் வைக்கலாம், ஒளிபுகுதலும் உண்டு, பெரும்பாலும் வெப்பியை விடச் சிறிதாக வரும். சுருக்க நேரம் பிடிக்கும். ஐபோனில் வெப்பி 2020ல் வந்தது, ஆவிஃப் 2022ல்தான். பழைய ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு `<picture>` குறிச்சொல்லில் மாற்றுப் படம் ஒன்று கொடுத்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான புடவை, அதற்கு ஒரு ஆள் என்றால் நான் இப்போதைக்கு ஜேபிஜியோடு நிற்பேன்.

திருப்பத்தூர்: கடை போர்டுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கணும், வெப்பி கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அப்போ வெப்பி வேஸ்ட்தானே?

அச்சுக்கு அது வேண்டாம். மூலக் கோப்பைக் கொடுங்கள். இங்கே பேசுவது திரைக்கு மட்டும்.

குடியாத்தம்: பிஎன்ஜி நல்லதா, ஜேபிஜி நல்லதா?

என்ன படம், பின்னணி மாறுமா? இரண்டையும் சொல்லாமல் பதில் கிடையாது. மேலே ஆம்பூருக்கும் ஆரணிக்கும் எழுதியதைப் படியுங்கள்.

வாலாஜா: ஒரு படத்தை .png என்பதை அழித்து .webp என்று பெயர் மாற்றினேன், சைஸ் குறையவே இல்லை.

பெயர் மட்டும்தான் மாறியது, உள்ளே இன்னும் பிஎன்ஜிதான். முதல் பதிலில் உள்ள கட்டளையை ஓட்டுங்கள்.

ஆம்பூர், ஷூ கடை வைத்திருப்பவர்: சார், எல்லாம் மாற்றிவிட்டேன், பக்கம் உடனே திறக்கிறது. ஆனால் நான்கு ஷூவில் மட்டும் நிழலுக்குப் பதில் சாம்பல் பெட்டி வருகிறது.

அந்த நான்கும் உங்களுக்கு எப்படி வந்தன? வாட்ஸ்அப்பில் போட்டோவாக என்றால் அவை உங்களிடம் வரும்போதே ஜேபிஜி. வெட்டியவரிடம் மூலத்தைக் கேளுங்கள், டாகுமென்டாக.