புரதப் பொடி கொடுத்தும் காயம் மூடவில்லையே?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்து 18 நாள் ஆகிறது. தையல் பிரித்த பிறகு அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பிளந்து நிற்கிறது. கிருமித் தொற்று இல்லை, புரதம் நிறையக் கொடுங்கள் என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் 2.9 என்று வந்ததால், தினமும் நான்கு முட்டையின் வெள்ளைக்கருவும் இரண்டு வேளை புரதப் பொடியும் (தண்ணீரில் கலந்து) கொடுக்கிறேன். காலையில் இரண்டு துண்டு பிரெட், மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, சாயங்காலம் ஒரு டம்ளர் ஜூஸ், ராத்திரி காய்கறி சூப், அரை டம்ளர் பால். அதற்கு மேல் இறங்கவில்லை. 50 கிலோ இருந்தவர் 47-க்கு வந்துவிட்டார். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ கிடையாது. இன்னும் எவ்வளவு புரதம் கொடுக்க வேண்டும்?

— ஒரு வாசகி

பதில்: புரதத்தை இனிமேல் கூட்ட வேண்டாம். அம்மாவுக்குப் புரதம் போதுமான அளவு போய்க்கொண்டிருக்கிறது. குறைவாக இருப்பது சாப்பாடு, அதாவது கலோரி. வேளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று விவரமாக எழுதியது நல்லதாயிற்று. அதை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது.

நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் இருந்தால் ஒரு நாள் ஓடிவிடும். ஆறாத காயம் இருந்து, எடையும் இறங்கிக்கொண்டிருந்தால் அது 1.25 முதல் 1.5 கிராம் வரை போகும். கூடவே கிலோவுக்கு 30 முதல் 35 கலோரி வேண்டும். இளைத்துப்போன பிறகு உள்ள எடையை வைத்துக் கணக்குப் போட்டால் தேவை குறைவாகத் தெரியும் என்பதால், ஆபரேஷனுக்கு முன்பிருந்த 50 கிலோவையே எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 62 முதல் 75 கிராம் புரதமும், 1500 முதல் 1750 கலோரியும் தேவை.

இப்போது அவருக்குப் போவது என்ன? ஒரு வேளைப் பொடியில் 20 கிராம் புரதம் என்று வைத்தால் இரண்டு வேளைக்கு 40. நான்கு வெள்ளைக்கருவில் 14. பிரெட், சோறு, பால், சூப் எல்லாம் சேர்ந்து ஒரு 10. ஆக 64 கிராம், குறை சொல்ல இடமில்லை. (டப்பாவில் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். சில பொடிகளில் சர்க்கரைதான் அதிகம், புரதம் ஐந்தாறு கிராம்தான் இருக்கும். உங்களுடையது அப்படி என்றால் கணக்கு மாறும்.) அப்புறம் கலோரி. பொடியில் 220, வெள்ளைக்கருவில் 70, பிரெட்டில் 150, சோற்றில் 130, ஜூஸில் 100, சூப்பும் பாலும் சேர்ந்து 110. மொத்தம் 780. தேவையில் ஏறக்குறைய பாதி.

கலோரி பாதியாக இருந்தால் புரதத்துக்கு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் நாள் முழுக்க எரிபொருள் வேண்டும். சாப்பாட்டில் வரும் மாவுச்சத்தும் கொழுப்பும் அதற்குப் போதவில்லை என்றால், கல்லீரல் புரதத்தைப் பிரித்து அதிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கும். மிச்சம் யூரியாவாகி சிறுநீரில் போய்விடும். கதவு செய்ய வாங்கி வைத்த மரத்தை அடுப்பெரிக்க எடுத்துக்கொள்வது போலத்தான் இது. நீங்கள் காயத்துக்காகக் கொடுக்கும் பொடியில் நல்ல பங்கு இப்படித்தான் எரிந்துபோகிறது.

சாதாரணமாகப் பட்டினி கிடப்பவரின் உடம்பு சில நாளில் கொழுப்பை எரிக்கப் பழகி, தசையை ஓரளவு காப்பாற்றிக்கொள்ளும். அறுவை சிகிச்சை ஆன உடம்பால் அது சரியாக முடியாது. கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் ஏறியிருப்பதால் தசையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். கொழுப்பைச் சேமித்து வைப்பது போலப் புரதத்தைச் சேமிக்க உடம்பில் தனி இடம் கிடையாது, இருக்கும் சேமிப்பே தசைதான். அம்மா இழந்த 3 கிலோவில் தசையும் இருக்கும். காயத்தில் புதுச் சதையை நெய்யும் செல்களுக்குப் புரதமும் வேண்டும், அதை நெய்வதற்கான சக்தியும் வேண்டும்.

பணியில் சேர்ந்த புதிதில் நானும் புரதக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் போகிறது" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரத்தில் அதே நோயாளி இன்னும் மெலிந்து வந்து நின்றபோதுதான் தட்டு முழுவதையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

ஆல்புமின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் வெள்ளைக்கரு ஞாபகத்துக்கு வருவது இயல்பு. ஆனால் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் ஏற்படும் அழற்சியாலேயே ஆல்புமின் இறங்கிவிடும். நன்றாகச் சாப்பிடுபவருக்கும் இறங்கும். அது மெதுவாக மாறும் அளவு, சாப்பாடு சரியாகப் போகிறதா என்பதற்கு அது அளவுகோல் ஆகாது. அந்த எண்ணை ஏற்றுவதற்காக மஞ்சள் கருவைத் தூக்கிப் போடாதீர்கள். முட்டையின் கலோரியில் முக்கால் பங்கு அதில்தான் இருக்கிறது, புரதமும் ஏறக்குறைய பாதி.

சரி, என்ன செய்யலாம்? அவரால் அதிக அளவு சாப்பிட முடியாது. அதனால் அளவைக் கூட்டாமல், இறங்கும் ஒவ்வொரு வாயிலும் கலோரியைக் கூட்ட வேண்டும். பொடியை அரை வேளை அளவுக்குக் குறைத்து, தண்ணீருக்குப் பதில் கொழுப்பு நீக்காத ஒரு டம்ளர் பாலில் காலையில் கலந்து கொடுங்கள். பிரெட் அதே இரண்டு துண்டுதான், மேலே இரண்டு பெரிய ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெய். மதியம் சோறும் அதே அளவுதான், அதில் இரண்டு டீஸ்பூன் வெண்ணெய், நூறு கிராம் கெட்டிப் பருப்பு, ஒரு முழு முட்டை. பருப்பு கெட்டியாக இருக்க வேண்டும், நீர்த்துப்போன பருப்புத் தண்ணீரில் புரதம் பெயருக்குத்தான் இருக்கும். சாயங்காலம் ஜூஸுக்குப் பதில் ஒரு வாழைப்பழமும் ஒரு கிண்ணம் தயிரும். ராத்திரி சூப்புக்குப் பதில், மசித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயில் பொரித்த இரண்டு முட்டையும். படுக்கும் முன் சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால்.

இதைக் கூட்டினால் ஏறக்குறைய 1570 கலோரியும் 72 கிராம் புரதமும் வருகிறது. பொடியை அறவே நிறுத்தினாலும் புரதம் 62-க்குக் கீழே போகாது. வைட்டமின் சி இல்லாமல் காயத்தில் கொலாஜன் உறுதிப்படாது என்பதால், ஒரு ஆரஞ்சோ கொய்யாவோ தினமும் இருக்கட்டும். துத்தநாக மாத்திரையை டாக்டர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவு மீறி நீண்ட நாள் எடுத்தால் உடம்பில் தாமிரம் குறைந்துவிடும்.

எல்லாவற்றையும் நாளைக்கே மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் பாலும் முழு முட்டையும், பிறகு வெண்ணெய், பிறகு இரவுச் சாப்பாடு என்று ஐந்தாறு நாளில் முழு அளவுக்கு வந்தால் வயிறு ஏற்றுக்கொள்ளும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர்களுக்கு இது இன்னும் கவனமான விஷயம். அவர்களுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தப் பரிசோதனையோடு டாக்டர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: டயாலிசிஸ் இல்லாத சிறுநீரக நோயாளிகள் இந்தப் புரத அளவைத் தாங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் காயம் இருக்கும்போது பயந்து சாப்பாட்டைப் பாதியாக்க வேண்டாம். டாக்டரிடம் சொல்லி, மருந்தைச் சாப்பாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே சரி.

ஏன் இறங்கவில்லை என்றும் அம்மாவிடம் கேளுங்கள். வலியோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பசிக்காது. வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுத்தால் சாப்பாட்டு நேரத்தில் வலி தணிந்திருக்கும் (வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாத மாத்திரையா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). வீரியமான வலி மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் மலச்சிக்கல் உண்டாக்கும், மலம் போகாத வயிறு சாப்பாட்டை வாங்காது. பெரியவர்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள், நீங்களே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஜூஸ், சூப் என்று கொடுப்பதை நிறுத்துங்கள், வயிறு அதிலேயே நிரம்பிவிடும். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் கொடுக்கலாம். டாக்டர் அனுமதித்த அளவுக்கு வீட்டுக்குள் நடக்கவும் வையுங்கள். அசையாமல் கிடக்கும் தசை, சாப்பிட்ட புரதத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். இரண்டு வாரத்தில் எடை இறங்குவது நின்றாலே போதும், ஏறுவதற்கு மாதங்கள் ஆகும். கால் வீங்கியிருந்தால் நீர் எடையைக் கூட்டிக் காட்டும், அப்போது கைப்பிடியின் பலத்தையும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்பதையும் பாருங்கள். கட்டு மாற்றுபவரிடம் காயத்தின் நீள அகலத்தை வாரம் ஒரு முறை அளந்து குறிக்கச் சொல்லுங்கள். உள்ளே சிவப்பாக, ஈரமாக, மணிமணியாகச் சதை தெரிந்தால் வளர்கிறது என்று அர்த்தம். வெளிறிப்போய் அப்படியே நின்றால் இன்னும் ஏதோ குறைகிறது.

சுற்றிலும் சிவப்பு பரவுவது, நாற்றம், சீழ், காய்ச்சல், பிளவு பெரிதாவது, திடீரென்று நிறைய நீர் கசிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், இரண்டு வாரம் முயன்றும் தட்டில் பாதி மிஞ்சினால், எதை எவ்வளவு சாப்பிட்டார் என்று மூன்று நாள் எழுதி, அந்தத் தாளோடு மருத்துவமனை உணவியல் நிபுணரைப் போய்ப் பாருங்கள். குறைந்த அளவில் அதிக கலோரி தரும் மருத்துவ பானங்கள் இருக்கின்றன, எது ஒத்துவரும் என்று அவர் அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.