அந்த நான்கு பத்தி யாருக்கு?

*டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மூன்று சுற்று முடித்தேன். "வேறொருவரைத் தேர்வு செய்துவிட்டோம்" என்று ஹெச்.ஆர். இரண்டு வரியில் மெயில் அனுப்பிவிட்டார். காரணம் கேட்டு நான்கு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் ரிசல்ட் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். வயிற்றெரிச்சலில் கேட்பதுபோல் தெரியாமல் எப்படிக் கேட்பது?*
*- வாசகி, கோவை*

வீட்டில் ரிசல்ட் வரவில்லை என்றாயே, முதலில் அதைப் பேசுவோம். அம்மா தினமும் கேட்பார், நீ தினமும் மழுப்புவாய். "உன்மேல் தப்பில்லை" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டித் தப்பித்துவிடலாம் என்று பார்க்கிறாய். அந்த நான்கு பத்தி ஹெச்.ஆருக்கு எழுதியதே இல்லை, உன் அம்மாவுக்கு எழுதியது. படிக்க வைத்தவர்களுக்கு நல்ல சேதியை மட்டும்தான் சொல்வாயா? இன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடு. அப்புறம் மெயிலைத் திறந்து பார், மூன்று பத்தியை நீயே அழிப்பாய்.

மிச்சத்துக்கு வருவோம். உன்னை வேண்டாம் என்றது பெரும்பாலும் அந்த ஹெச்.ஆராக இருக்காது, டீம் மேனேஜராக இருக்கும். ஹெச்.ஆரிடம் இருப்பது இன்டர்வியூ எடுத்தவர்கள் எழுதிவைத்த சில வரிக் குறிப்பு. அதை எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு யாராவது அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்களோ என்று பல கம்பெனிகளுக்குப் பயம். "ஏன் என்னை எடுக்கவில்லை?" என்றால் முடிவுக்கு விளக்கம் கேட்பதாக ஆகிவிடும். "எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்", "இருந்தாலும்" மாதிரியான சொற்கள் உன் மெயிலில் இருந்தால் வெட்டிவிடு. வாதாட வந்திருக்கிறாய் என்பதை அவைதான் காட்டிக்கொடுக்கும்.

அவர் அனுப்பிய மெயிலுக்கே ரிப்ளை போடு. ஒரு சுற்றை மட்டும் பிடித்துக்கொள். எது சறுக்கியது என்று உனக்கே ஒரு சந்தேகம் இருக்குமே, டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க குவெரி எழுதச் சொல்லும் எஸ்.க்யூ.எல். சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதினாலும் விஷயம் இவ்வளவுதான்:

"முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. எஸ்.க்யூ.எல். சுற்றில் குவெரி எழுதுவதிலா, யோசித்ததை விளக்கிச் சொல்வதிலா, எதில் நான் தேற வேண்டும்? போனில் சொல்வது வசதி என்றால் ஐந்து நிமிடம் போதும்."

இரண்டில் ஒன்றைச் சொல்வது அவருக்குச் சுலபம். எழுதத் தயங்குகிறவர்கள் சிலர் போனில் மனம்விட்டுச் சொல்வார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒருமுறை நினைவூட்டு, அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடு. "உங்களைவிட அனுபவமுள்ளவர் கிடைத்தார்" என்று மட்டும் வந்தால் அதைத் தோண்டாதே. அது உண்மையாகவும் இருக்கலாம், யாருக்கும் அனுப்பும் வரியாகவும் இருக்கலாம்.

"இரண்டு டேபிளைச் சேர்க்கும் ஜாயின் குவெரி எழுதத் தடுமாறினீர்கள்" என்று போனில் சொன்னாரானால், அன்றைக்கு நெட் கட்டாச்சு, கேள்வியே புரியவில்லை என்று ஆரம்பிக்காதே. குறித்துக்கொள், நன்றி சொல், போனை வை. அதையும் அம்மாவிடம் சொல்.