வியர்வையில் இறங்கும் கண்ணாடி: கேள்வி பதில்

காரைக்குடி, கல்யாணச் சமையல்: மூணு மாசத்துல ரெண்டு தடவ நோஸ் பேட் மாத்தியாச்சு. அடுப்பு முன்னால நின்னா பத்தே நிமிஷத்துல மூக்கு நுனிக்கு வந்துருது. நல்ல பேட் எதுன்னு சொல்லுங்க.

பேடை அப்புறம் பார்ப்போம். முதலில் காதைப் பாருங்கள் அண்ணே. முகத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைச் சரியான இடத்தில் மாட்டிக்கொண்டு, காதுக்கம்பி எங்கே கீழே வளைய ஆரம்பிக்கிறது என்று வேறு யாரையாவது பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். காது மடல் தலையோடு ஒட்டுகிற மேல்முனையைத் தாண்டிய உடனே வளைய வேண்டும். அதற்குப் பின்னால் தள்ளி வளைந்தால், இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு தூரம் ஃபிரேம் முன்னால் வந்துதான் நிற்கும். வியர்வை வராதபோது மூக்குத்தோல் பிடித்துக்கொள்வதால் இந்தக் கோளாறு தெரியாது. வியர்த்ததும் தெரிந்துவிடும்.

அதே அண்ணன்: பையன் ஸ்கேல் வச்சுப் பார்த்தான். ரெண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் இடைவெளி. கம்பியில 54-18-145ன்னு போட்டிருக்கு.

அப்படியானால் உங்கள் பேட் மேல் குற்றமில்லை. 145 என்பது வளைவையும் சேர்த்துக் கம்பியின் மொத்த நீளம். இந்த இடைவெளிக்காக 140 போட்ட புது ஃபிரேம் வாங்க வேண்டாம், மொத்த நீளம் அப்படியே இருக்கட்டும், வளைகிற இடம் மாறினால் போதும். கடையில் காதுமுனை பிளாஸ்டிக்கை சூடான காற்றில் இளக்கி, பழைய வளைவை நிமிர்த்தி, 6 மில்லிமீட்டர் முன்னால் புதிதாக வளைப்பார்கள். ஐந்து நிமிட வேலை. வீட்டில் மெழுகுவர்த்தியில் காட்டாதீர்கள், முனை கருகும், சூடு லென்ஸ் வரை ஏறினால் கோட்டிங்கும் போகும்.

வளைத்த பிறகு இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி காதுக்கு முன்னாலேயே நெற்றிப்பொட்டை இறுக்குகிறதா? இறுக்கினால் நழுவாது என்று நினைப்போம், நடப்பது தலைகீழ். நம் தலை முன்பக்கம் குறுகி, காதுப்பக்கம் அகலமாக இருக்கிறது. புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் எப்படிப் பிதுங்கி ஓடுமோ, அப்படித்தான் ஃபிரேமும் முன்னால் தள்ளப்படும். கம்பி காதுவரை லேசாகத் தொட்டுச் சென்று, காதுக்குப் பின்னால் எலும்பில் பதிந்தால் போதும்.

நீங்கள் போட்டிருப்பது பைஃபோகல் என்றால் வேறொரு நஷ்டமும் உண்டு. ஃபிரேம் இறங்கும்போது கீழே இருக்கிற வாசிப்புப் பகுதியும் கூடவே இறங்கும். சாமான் பட்டியல் படிக்கக் கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தால் பவர் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பள்ளத்தூர், கல்லூரி மாணவி: சிலிக்கான் பேட் போட்டா எதுவும் நழுவாதுன்னு சொல்றாங்களே, அதைச் சொல்லாம விட்டுட்டீங்க?

பாதி சரி. கெட்டி பிளாஸ்டிக் பேடை விடச் சிலிக்கான் தோலை நன்றாகப் பிடிக்கும், அதுவும் சுத்தமாக இருக்கும் வரைக்கும்தான். தோலின் எண்ணெய், சன்ஸ்கிரீன், முகக் கிரீம் எல்லாம் அதன்மேல் படலமாக ஒட்டி, மஞ்சளாகி, கடைசியில் கெட்டி பேடை விட மோசமாக வழுக்கும். இரவில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தால் விரல் நுனியில் தேய்த்துக் கழுவுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். மாற்றும்போது 13 மில்லிமீட்டருக்குப் பதில் 15 கேட்கலாம், எடை கொஞ்சம் பரவும். பேட் முழுவதும் மூக்கில் படிய வேண்டும். கழற்றியதும் ஓரம் மட்டும் சிவப்புக் கோடாகத் தெரிந்தால் பேடைத் தாங்கும் கம்பியின் சாய்வு தப்பு. அதற்கு எந்தப் பேடும் மருந்தாகாது.

தேவகோட்டை, வங்கி ஊழியர்: தண்ணி ஒட்டாத கோட்டிங்னு கூடுதலா வாங்கினாங்க. ஏசிய விட்டு வெளிய வந்தா முழுசா வெள்ளையாகுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டது ஒன்று, வாங்கியது ஒன்று. தண்ணீர் ஒட்டாத மேல்பூச்சின் வேலை, மழைத்துளியும் விரல்ரேகையும் எளிதாகத் துடைபட வைப்பது. ஆவி படிவதை அது தடுக்காது. சொல்லப்போனால் ஈரத்தைப் பரவவிடாமல் குட்டிக்குட்டி முத்துகளாக நிறுத்துகிறது. அந்த முத்துகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. ஆவி எதிர்ப்புப் பூச்சு இதற்கு நேர் எதிர், ஈரத்தை இழுத்து ஒரே மெல்லிய படலமாக விரிக்கும்.

உங்கள் ஏசி 24 டிகிரி என்றால் லென்ஸும் ஏறக்குறைய 24. மழைக்கு முன் ஐப்பசிப் புழுக்கத்தில் வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 27 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே நீராகிவிடும். 24-ல் இருக்கும் லென்ஸ் மேல் படியாமல் என்ன செய்யும்? அதே தெருவில் சித்திரை வெயிலில் 36 டிகிரி, 40 சதவீதம் என்றால் அந்த எல்லை 20-க்குப் போய்விடும், லென்ஸ் தெளிவாகவே இருக்கும். கதவருகில் ஒன்றிரண்டு நிமிடம் நின்று லென்ஸ் சூடேறிய பின் வண்டியை எடுங்கள். இந்த இரண்டு நிமிடத்துக்காக ஆவி எதிர்ப்புப் பூச்சு வாங்குவது வீண் என்பேன்.

காரைக்குடி, கல்யாணச் சமையல்: அண்டா மூடியத் திறந்தா எனக்கு எந்த மாசமும் படியுதே?

அங்கே சீசன் கிடையாது, கொதிநீராவி முகத்துக்கே வருகிறது. உங்களுக்குத்தான் அந்தப் பூச்சு பொருந்தும், அல்லது மேலே தேய்க்கிற ஆவி எதிர்ப்புத் துணி. துணியை உபயோகிக்கும் முன் லென்ஸைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்த வேண்டும். தாளிக்கிற எண்ணெய்ப் புகைமேல் தேய்த்தால் பூச்சு எண்ணெயில் உட்காரும், லென்ஸில் உட்காராது. விறகடுப்பு முன்னால் எத்தனை நாள் தாங்கும் என்பதில் கடைக்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. முதலில் துணியை ஒரு விசேஷத்துக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கும் ஆவி படிஞ்ச மாதிரியே இருக்கு. ஆனா துடைச்சாலும் போகமாட்டேங்குது. எந்தத் துணி வாங்கணும்?

துணி வேண்டாம் ஐயா. கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காய்ந்த கண்மாய்ச் சேறு போல மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் கோட்டிங் வெடித்திருக்கிறது. பூட்டிய காரின் டேஷ்போர்டில் வைத்திருப்பீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் லென்ஸ் அதிகம் விரியும், மேலே இருக்கிற பூச்சு அவ்வளவு விரியாது, அதனால் கிழியும். பழையபடி ஒட்டாது, லென்ஸ்தான் மாற்ற வேண்டும். கோடுகளே இல்லை, லென்ஸ் தெளிவு, ஆனால் பார்வை மங்கல் என்றால் கண் டாக்டரைப் பாருங்கள், அது கண்ணாடிக்கடை விஷயமில்லை.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: வேட்டி நுனியால துடைக்கிறதுதான் வழக்கம். புது லென்ஸே ரெண்டு மாசத்துல கீறிப் போச்சு.

கண்ணாடித் தகட்டின் மேல் கல் வார்க்கிறவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுமா? தகட்டில் மணல் இருக்கும்போது உலர்துணி போடுவீர்களா? லென்ஸில் சிமெண்டுத் தூசி, நெற்றியிலிருந்து உதிர்ந்த திருநீறு, காய்ந்த வியர்வை உப்பு மூன்றும் இருக்கும். குழாயடியில் காட்டித் தூசி ஓடிய பிறகு துடையுங்கள்.

புதுவயல், இல்லத்தரசி: பேடுக்கு அடியில பச்சையா இருக்கு. பாசியா?

செம்பு கலந்த உலோக ஃபிரேம் ஆச்சி, வியர்வையில் களிம்பு ஏறியிருக்கிறது. பேடைக் கழற்றிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சோப்புநீரில் தேய்த்துவிடுங்கள். பூச்சு உரிந்து அடியில் உலோகமே தெரிந்தால் திரும்பத் திரும்ப வரும், அடுத்த முறை டைட்டானியம் கேளுங்கள்.