ஆயிரம் டாலரில் குறைந்தது எங்கே?

"1000 டாலருக்கு பில் போட்டேன். கூகுளில் 85 ரூபாய். லாஸ்பேட்டை கிளைக் கணக்கில் விழுந்தது 81,809 தான். மீதி எங்கே போச்சு?"

மூணு இடத்துல போயிருக்கும் தம்பி. கிளையில் வரவு அட்வைஸ் கேளுங்க. அதுல வந்த டாலரும் போட்ட ரேட்டும் இருக்கும். உங்க தொகையை வெச்சுப் பார்த்தா 978 டாலர், 83.80 ரேட்னு இருந்தா கணக்கு சரியா வருது.

அந்த 22 டாலரை வழியில இருந்த இடை வங்கி பிடிச்சிருக்கும். ஸ்விஃப்ட் நகல்ல, கட்டணம் யார் தலையிலன்னு சொல்ற `71A` புலத்துல `SHA`-ன்னு இருக்கானு பாருங்க. இருந்தா கட்டணத்துல ஒரு பங்கு உங்க தலையில. அடுத்த தடவை `OUR`-ல அனுப்பச் சொன்னா பெரும்பாலும் கட்டணம் கிளையண்ட் தலையில போகும்.

அடுத்த ஓட்டை ரேட்தான். டாலருக்கு 1.20 குறைச்சதுல 1,174 ரூபாய் போச்சு. டாலரை மாத்தினதுக்கு ஜிஎஸ்டி வெறும் 148, அதை விடுங்க. பணம் வந்ததும் மாத்துறதுக்கு முன்னாடியே ஃபோரெக்ஸ் டெஸ்குக்கு போன் போட்டு ரேட் பேசுங்க. சின்னக் கிளையில கேட்டா முழிப்பாங்க, மெயின் பிராஞ்சு நம்பர் வாங்கிக்குங்க. வரவு விழுந்தப்புறம் பேசிப் பிரயோஜனமில்ல.

பணம் எதுக்கு வந்ததுன்னு சொல்ற பர்ப்பஸ் கோடு கேட்டா வேலைக்கு ஏத்ததைக் கொடுங்க. மென்பொருள் கன்சல்டன்சின்னா `P0802`. தப்பா இருந்தா, வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கு வங்கி தர்ற எஃப்ஐஆர்சி சான்றிதழும் அப்படியே வரும், ஜிஎஸ்டி ரீஃபண்ட் கேக்கும்போது இடிக்கும்.